பூச்சிகளின் மூச்சுக்குழல் அமைப்பும் உடல் அளவின் எல்லையும்

ஆய்வுச் சுருக்கம்

பூச்சிகள் நுரையீரலின்றி, உடலின் பக்கவாட்டில் உள்ள துளைகள் வழியாகவும் கிளைத்துச் செல்லும் காற்றுக்குழல்கள் வழியாகவும் சுவாசிக்கின்றன. ஆக்சிஜன் இக்குழல்களில் மெதுவாக விரவுவதே பூச்சிகள் சிறிதாக இருப்பதற்குக் காரணம் எனப் பாடநூல்கள் பொதுவாகக் கூறுகின்றன. வண்டுகள் குறித்த அளவீடுகளைக் கொண்டு இவ்விளக்கத்தை இக்கட்டுரை மறு ஆய்வு செய்கிறது. விரவலின் வேகத்தைவிட, குழல்களுக்கு உடலில் ஒதுக்க வேண்டிய இடமே முதன்மையான தடையாகலாம் என்பதை விளக்குகிறது.

முன்னுரை

முதுகெலும்புள்ள உயிர்களில் ஆக்சிஜனைத் திசுக்களுக்குக் கொண்டு சேர்ப்பது இரத்தம். பெரும்பாலான பூச்சிகளின் இரத்த நிணநீருக்கு அப்பணி இல்லை. காற்றே நேரடியாகத் திசுக்களை நாடிச் செல்கிறது. கரப்பான், வெட்டுக்கிளி போன்றவற்றின் மார்பில் இரண்டு இணை, வயிற்றில் எட்டு இணை என மொத்தம் பத்து இணைச் சுவாசத்துளைகள் உள்ளன. அவற்றை மூடித் திறக்கும் அடைப்பிதழ்கள் நீரிழப்பைக் குறைக்கின்றன. துளைகளிலிருந்து தொடங்கும் மூச்சுக்குழல்கள், உட்சுவரில் சுருள்வில் போல் அமைந்த கைட்டின் தடிப்புகளால் ஒடுங்காமல் விரிந்து நிற்கின்றன. அவை மேன்மேலும் கிளைத்து, ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைவான விட்டமுள்ள நுண்குழல்களாகி, தசை இழைகளுக்கு மிக அருகில் முடிகின்றன.

விரவலின் வேகம்

1920இல் டென்மார்க் உடலியங்கியலாளர் ஆகஸ்ட் குரோக், பெரிய அந்துப்பூச்சிப் புழுக்களின் குழல்களை அளந்து கணக்கிட்டார். அமைதியாக இருக்கும் புழுவின் தேவைக்கு விரவல் மட்டுமே போதும் என்பது அவர் கண்ட முடிவு. காற்றில் ஆக்சிஜனின் விரவல் கெழு நீரில் உள்ளதைப்போல் ஏறத்தாழ 10,000 மடங்கு ஆகும். விரவலுக்கு ஆகும் காலம் தொலைவின் இருமடிக்கு நேர் விகிதத்தில் கூடுகிறது. ஒரு சென்டிமீட்டர் தொலைவைக் கடக்கக் காற்றில் ஏறத்தாழ 2.5 வினாடி போதும். அதே தொலைவுக்கு நீரில் ஏறத்தாழ ஏழு மணி நேரம் ஆகும். காற்றிலேயே தொலைவு ஐந்து சென்டிமீட்டரானால் ஒரு நிமிடத்திற்கும் மேலாகும். பூச்சி பெரிதாக இயலாது என்னும் வழக்கமான விளக்கம் இவ்விடத்தில்தான் பிறக்கிறது.

எனினும் பூச்சிகள் விரவலை மட்டும் நம்பியிருப்பதில்லை. வெட்டுக்கிளி தன் வயிற்றைச் சுருக்கி விரித்துக் காற்றைக் குழல்களுக்குள் செலுத்துகிறது. பல பூச்சிகளின் உடலில் உள்ள காற்றுப்பைகள் துருத்தி போல் இயங்குகின்றன. 2003இல் வெளியான எக்ஸ் கதிர்ப் படப்பதிவுகள், உயிருள்ள வண்டு, சிள்வண்டு, எறும்பு ஆகியவற்றின் தலையிலும் மார்பிலும் உள்ள முதன்மைக் குழல்கள் விரைந்து சுருங்கி விரிவதைக் காட்டின. ஆகவே, விரவல் மெதுவானது என்பதை மட்டும் கொண்டு அளவின் எல்லையை விளக்க முடியாது.

குழலுக்கான இடம்

ஒரு பூச்சி வடிவம் மாறாமல் இருமடங்கு நீளமாக வளர்வதாகக் கொள்வோம். அதன் குழல்களின் குறுக்குப் பரப்பு நான்கு மடங்காகும். நீளம் இரு மடங்காகும். குழல் வழியே விரவும் ஆக்சிஜனின் அளவு பரப்புக்கு நேர் விகிதத்திலும் நீளத்திற்கு எதிர் விகிதத்திலும் அமைவதால் வழங்கல் இரு மடங்கு மட்டுமே உயரும். உடல் நிறையோ எட்டு மடங்காகும். வளர்சிதை மாற்ற வீதம் நிறையின் முக்கால் அடுக்கில் உயர்வதாகக் கொண்டால் தேவை ஏறத்தாழ 4.8 மடங்காகும். இந்த இடைவெளியைக் குழல்களை அகலமாக்கி நிரப்ப வேண்டுமெனில், உடலின் குறுக்குவெட்டில் அவை பெறும் பங்கு ஏறத்தாழ 2.4 மடங்காக வேண்டும்.

தொடக்கத்தில் அப்பங்கு 2 விழுக்காடு எனக் கொள்வோம். நீளம் ஒவ்வொரு முறை இரட்டிக்கும்போதும் அது ஏறத்தாழ 5, 11, 27, 64 விழுக்காடு என உயரும். இவை அளவீடுகள் அல்ல, போக்கைக் காட்டும் கணக்கு மட்டுமே. காற்றை உந்திச் செலுத்தும் திறன் இவ்வுயர்வைத் தணிக்கும். ஆயினும் குழலுக்கு ஒதுக்கப்படும் ஒவ்வொரு பங்கும் தசைக்கும் குடலுக்கும் முட்டைக்கும் கிடைக்காமல் போகும் இடமாகும்.

கால்மூட்டு என்னும் குறுவழி

அலெக்சாண்டர் கைசரும் அவருடைய குழுவினரும் 2007இல் வெளியிட்ட ஆய்வு இக்கருத்தை நேரடியாகச் சோதித்தது. அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆய்வகத்தின் எக்ஸ் கதிர்களைக் கொண்டு, டெனிப்ரியானிடே குடும்பத்தைச் சேர்ந்த நான்கு வண்டினங்களின் குழல்கள் அளக்கப்பட்டன. மிகச் சிறியது சில மில்லிமீட்டர் நீளமுள்ள செம்மாவு வண்டு. மிகப் பெரியது ஏறத்தாழ 3.5 சென்டிமீட்டர் நீளமுள்ளது. உடல் பெரிதாகும்போது குழல்களின் பங்கும் கூடுவதை அளவீடுகள் காட்டின.

இக்கூடுதல் எல்லா இடத்திலும் ஒரே நெருக்கடியை உண்டாக்கவில்லை. காலுக்குச் செல்லும் குழல், கால் உடலோடு இணையும் துளை வழியாகவே நுழைந்தாக வேண்டும். புறச்சட்டகத்தில் அமைந்த அத்துளையை நரம்பும் தசைநாணும் இரத்த நிணநீரும் பகிர்ந்துகொள்கின்றன. பெரிய வண்டுகளில் அத்துளையின் மிகுதியான பங்கைக் குழலே நிரப்பியிருந்தது. தலைக்குச் செல்லும் குழல்களின் போக்கை நீட்டிக் கணக்கிட்டால் ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் வண்டுகூட இயலும். கால்துளையின் போக்கை நீட்டினால் எல்லை 15, 16 சென்டிமீட்டர் அளவில் நின்றுவிடுகிறது. அமேசான் காடுகளில் வாழும் டைட்டனஸ் ஜைஜான்டியஸ் என்னும் மிகப் பெரிய வண்டின் நீளமும் ஏறத்தாழ அதுவே.

நான்கு இனங்களிலிருந்து நீட்டிப் பெற்ற முடிவு என்பதால் இதனைச் சான்றாகக் கொள்ளலாமே தவிர, நிறுவப்பட்ட விதியாகக் கொள்ள முடியாது. முன்கால்களை நீட்டிய நிலையில் 60 சென்டிமீட்டரைக் கடக்கும் குச்சிப்பூச்சிகள் இதற்கு முரணாகத் தோன்றலாம். அவற்றின் உடல் மெலிந்தது. துளைகள் உடல் நெடுகிலும் பரவியுள்ளன. எனவே துளைக்கும் திசுவுக்கும் இடையிலான தொலைவு குறைவாகவே உள்ளது. மொத்த நீளத்தைவிட இத்தொலைவே கருதத்தக்கது.

ஆக்சிஜன் செறிவும் குழலின் அகலமும்

இடமே தடை எனில், காற்றில் ஆக்சிஜன் கூடும்போது குறுகிய குழலே போதுமானதாக வேண்டும். குறையும்போது அகன்ற குழல் தேவைப்பட வேண்டும். டெனிப்ரியோ மொலிட்டார் வண்டின் புழுக்களை 10, 15 விழுக்காடு ஆக்சிஜனில் வளர்த்து கேத்தரின் லவுடன் 1989இல் வெளியிட்ட ஆய்வில், முதன்மைக் குழல்கள் இயல்பைவிட அகன்றிருந்தன. இது மேற்கண்ட எதிர்பார்ப்போடு பொருந்துகிறது.

பிரான்சின் கொமாந்திரி நிலக்கரிப் படிவுகளில் கிடைத்த மெகநியூரா என்னும் தும்பியின் உறவுப் பூச்சி, ஏறத்தாழ 65 சென்டிமீட்டர் சிறகு விரிப்புக் கொண்டது. அது வாழ்ந்த, ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய காலத்தில் ஆக்சிஜன் இன்றைய 21 விழுக்காட்டைவிட மிகுந்து, 30 விழுக்காட்டளவில் இருந்ததாக மதிப்பிடப்படுகிறது. ஆனால் ஆக்சிஜன் மட்டுமே பூச்சிகளின் அளவை நிர்ணயித்ததாகக் கூற இயலாது. புதைபடிவச் சிறகுகளைத் தொகுத்து கிளாபமும் காரும் 2012இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஏறத்தாழ 15 கோடி ஆண்டுகளுக்கு முன்புவரை மிகப் பெரிய சிறகின் அளவு ஆக்சிஜனோடு ஏறியிறங்கியது. அதன்பின் ஆக்சிஜன் உயர்ந்தபோதும் சிறகுகள் பெரிதாகவில்லை. பறவைகள் தோன்றி வேட்டையாடியதை அவர்கள் காரணமாகச் சுட்டுகின்றனர்.

முடிவுரை

பூச்சியின் மூச்சுக்குழல் திறன் குறைந்த உறுப்பன்று. பறக்கும் தசையின் பெருந்தேவையையும் அது ஈடுசெய்கிறது. அத்திறனைப் பெரிய உடலில் நிலைநிறுத்தக் கூடுதல் இடம் தேவைப்படுகிறது. கால்மூட்டு போன்ற குறுகிய வழிகளில் அந்த இடம் முதலில் தீர்ந்துவிடுகிறது. புறச்சட்டகத்தின் எடை, தோலுரிக்கும் காலத்தின் இடர், வேட்டை விலங்குகள் ஆகியவையும் தம் பங்குக்கு எல்லையிடுகின்றன. ஆகவே, பூச்சியின் அளவை விளக்கும்போது விரவலின் வேகத்தோடு நிறுத்திவிடாமல், அவ்விரவலுக்காக உடல் விட்டுக்கொடுக்கும் இடத்தையும் சேர்த்துக் கணக்கிடுவதே பொருத்தமாகும்.