கிரிவலம் போன இரவில் வலிப்பு மாத்திரையை விட்டால் என்ன ஆகும்? திடீரென நிறுத்துவது ஏன் ஆபத்து?

பௌர்ணமி இரவில் திருவண்ணாமலை செங்கம் சாலையில் கால் வைக்க இடம் இருக்காது. ரமணாசிரமத்தைத் தாண்டி 14 கி.மீ. கிரிவலப் பாதையில் நகரும் அந்தக் கூட்டத்தில், வலிப்பு நோய்க்கு தினமும் மாத்திரை போடுபவர்களும் இருப்பார்கள். பஸ் பிடிக்கும் அவசரத்தில் மாத்திரை வீட்டிலேயே தங்கிவிடும். "ஒரு வேளைதானே, காலையில வீட்டுக்குப் போய் போட்டுக்கலாம்" என்று மனசைத் தேற்றிக்கொண்டு நடப்பார்கள்.

அந்த ஒரு வேளையில் உடலுக்குள் என்ன நடக்கிறது?

நள்ளிரவில் கால் பங்கு

இப்போது டாக்டர்கள் அதிகம் எழுதித் தரும் வலிப்பு மருந்துகளில் ஒன்று லெவெடிராசிட்டம். காலை ஒன்று, இரவு ஒன்று என்று போடுவது வழக்கம். பெரியவர்களின் ரத்தத்தில் இந்த மருந்தின் அளவு சுமார் 6 முதல் 8 மணி நேரத்தில் பாதியாகிவிடும்.

ஒருவர் காலை 8 மணிக்கு மாத்திரை போட்டார் என்று வைத்துக்கொள்வோம். மாலை 4 மணிக்கு மருந்து பாதியாகிறது. வழக்கமான நாளாக இருந்தால், மூன்றில் ஒரு பங்கு மீதி இருக்கும்போதே, இரவு 8 மணிக்கு அடுத்த மாத்திரை உள்ளே போய்விடும். கிரிவல நாளில் அது போகவில்லை. நள்ளிரவில் கால் பங்குதான் மிச்சம். மறுநாள் காலை 8 மணிக்கு எட்டில் ஒரு பங்கு. இது தோராயக் கணக்குதான். ஆனால் மருந்து மிகக் குறைவாக இருக்கும் நேரமும், அவர் தூங்காமல் களைத்துப்போய் பஸ்ஸில் திரும்பும் நேரமும் ஒன்றாக அமைந்துவிடுகின்றன.

தூக்கம் கெடுவதே வலிப்பைத் தூண்டும். டீன் ஏஜில் தொடங்கும் ஒரு வகை வலிப்பில் இது வெளிப்படையாகவே தெரியும். தூங்காத இரவுக்கு அடுத்த காலையில் கை திடீரென வெட்டி இழுக்கும், பிடித்திருக்கும் காபி டம்ளர் தெறித்து விழும். பலர் இதைக் கை நடுக்கம் என்று விட்டுவிடுகிறார்கள். பெரிய வலிப்பு வரப்போவதற்கான முன்னறிவிப்பாக அது இருக்கலாம்.

மறந்த மாத்திரையை எப்போது போடுவது?

நினைவு வந்தவுடன் போட்டுவிடலாம் என்பது பொதுவான வழி. அடுத்த வேளை நெருங்கிவிட்டால், விட்டதை விட்டுவிட்டு அடுத்ததை அதன் நேரத்தில் போட வேண்டும். டாக்டர் சொல்லாமல் இரண்டையும் சேர்த்துப் போடக்கூடாது. ஒன்றுக்கு மேற்பட்ட வேளைகள் விட்டுப்போயிருந்தால், எப்படித் தொடர்வது என்று டாக்டரிடம் போனிலாவது கேட்டுவிடுவது நல்லது.

சேர்த்துப் போடுவதில் மிகுந்த கவனம் வேண்டியது ஃபெனிடாயினில். 'எப்டாயின்' என்ற பெயரில் பல வீடுகளுக்குத் தெரிந்த பழைய மாத்திரை இது. இந்த மருந்தை உடைத்து வெளியேற்றும் கல்லீரலின் திறனுக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையை நெருங்கியவருக்கு, தினசரி அளவை 300 மில்லிகிராமிலிருந்து 400 ஆக்கினால், ரத்தத்தில் மருந்து மூன்றில் ஒரு பங்கு மட்டும் ஏறாது. இரண்டு மடங்கைத் தாண்டியும் போகலாம். நடை தள்ளாடும், பேச்சு குழறும், பார்ப்பதெல்லாம் இரண்டிரண்டாகத் தெரியும். குடித்திருக்கிறார் என்று அக்கம்பக்கம் நினைத்துவிடும்.

மாத்திரைக்குள் சேர்த்த மாவு செய்த வேலை

பிராண்ட் மாறினால் என்ன ஆகும் என்பதற்கு உலகம் மறக்காத உதாரணமும் இதே ஃபெனிடாயின்தான். 1960-களின் இறுதியில் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில், ஒழுங்காக மருந்து சாப்பிட்டு வந்த நோயாளிகள் தள்ளாட ஆரம்பித்தார்கள். யாரும் கூடுதலாகச் சாப்பிடவில்லை. கேப்சூலில் மருந்தின் அளவும் மாறவில்லை. மருந்தோடு சேர்த்து நிரப்பும் பொடி மட்டும் மாறியிருந்தது. கால்சியம் சல்பேட் இருந்த இடத்தில் லாக்டோஸ் வந்திருந்தது. அதனால் அதே மருந்து உடலில் முன்பைவிட அதிகமாகக் கலந்து, நச்சு அளவைத் தொட்டுவிட்டது.

இதை வைத்து 'எல்லா ஜெனரிக் மாத்திரையும் மோசம்' என்று சொல்லிவிட முடியாது. பிரிட்டன் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013-ல் வலிப்பு மருந்துகளை மூன்றாகப் பிரித்தது. ஃபெனிடாயின், கார்பமாசெபைன், ஃபீனோபார்பிட்டோன், பிரிமிடோன் ஆகிய நான்கையும் ஒரே நிறுவனத்தின் தயாரிப்பாகவே தொடரச் சொன்னது. லெவெடிராசிட்டம் மூன்றாவது பிரிவில் வருகிறது. அதற்குப் பொதுவாக அந்தக் கட்டாயம் இல்லை.

நம்மூரில் அரசு மருத்துவமனை மாத்திரையின் தயாரிப்பு நிறுவனம் டெண்டருக்கு டெண்டர் மாறலாம். மக்கள் மருந்தகம், 2025-ல் தொடங்கிய முதல்வர் மருந்தகம் போன்ற இடங்களில் விலை குறைவு என்று மாறுபவர்களும் உண்டு. காசில்லாமல் மாத்திரையையே விடுவதைவிட, மலிவான மாத்திரையைத் தவறாமல் போடுவது எவ்வளவோ மேல். மேலே சொன்ன நான்கில் ஒன்றாக இருந்தால் மாறுவதற்கு முன் டாக்டரிடம் சொல்ல வேண்டும். மாறிய முதல் சில வாரங்களில் தள்ளாட்டம், அதிகத் தூக்கம், புதிதாக வலிப்பு வருகிறதா என்று கவனிக்க வேண்டும். தேவைப்பட்டால் ரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்ப்பார்கள்.

கடையில் அதிகம் நடக்கும் தவறு வேறு. பிராண்ட் பெயருக்குப் பின்னால் 'சிஆர்', 'இஆர்', 'க்ரோனோ' என்று இருந்தால், அது மருந்தை மெதுவாக வெளிவிடும் மாத்திரை. அதற்குப் பதில் சாதா மாத்திரை கைக்கு வந்தால், மில்லிகிராம் ஒன்றாக இருந்தாலும் மருந்து வேகமாக ஏறி வேகமாக இறங்கும். பழைய அட்டையை எடுத்துப் போய்க் காட்டினால் இந்தக் குழப்பம் வராது. ரமணாசிரமம் பகுதியில் மாதக்கணக்கில் தங்கும் வெளிநாட்டினருக்கும் இது பொருந்தும். அவர்கள் ஊர் பிராண்ட் பெயர் இங்கே கடைக்காரருக்குத் தெரியாமல் போகலாம். மருந்தின் மூலப்பெயர் எழுதிய சீட்டு கையில் இருக்க வேண்டும்.

"ரெண்டு வருஷமா வரலையே, இன்னும் எதுக்கு?"

நிறுத்துவதற்கு அதிகம் சொல்லப்படும் காரணம் இதுதான். வலிப்பு வராமல் இருப்பதே மாத்திரையால்தான் என்பது அப்போது மறந்துபோகிறது. இரண்டு வருடம் வலிப்பே இல்லை என்றால் நிறுத்துவது பற்றி டாக்டர்களும் யோசிப்பார்கள். ஆனால் எல்லோருக்கும் அல்ல. நிறுத்தினாலும் மாதக்கணக்கில், படிப்படியாகத்தான் குறைப்பார்கள்.

குறிப்பாக ஃபீனோபார்பிட்டோன், குளோபசாம், குளோனாசெபம் ஆகியவை மூளையின் 'பிரேக்'கை அழுத்திப் பிடிப்பவை. வெளியிலிருந்து உதவி வருவதால் மூளை தன் சொந்த பிரேக்கைத் தளர்த்திக்கொள்கிறது. மருந்தைத் திடீரென எடுத்தால் இரண்டு பிரேக்கும் இல்லாத நிலை. அப்போது வரும் வலிப்பு பழையதைவிடக் கடுமையாக இருக்கலாம்.

ஃபீனோபார்பிட்டோன் இதில் ஆளை ஏமாற்றும். ரத்தத்தில் பாதியாகவே மூன்று, நான்கு நாட்கள் ஆகும். அதனால் நிறுத்திய முதல் சில நாட்கள் ஒன்றுமே நடக்காது. "பாத்தியா, நிறுத்தியும் நல்லாதான் இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டிருக்கும் வாரத்திலேயே வலிப்பு வந்து நிற்கும்.

கர்ப்பம் தெரிந்ததும் பயந்து தாங்களாகவே நிறுத்திவிடும் பெண்களும் உண்டு. வால்ப்ரோயேட் குழந்தையைப் பாதிக்கக்கூடியது என்பது உண்மைதான். ஆனால் மருந்தை மாற்றும் பேச்சு கருத்தரிப்பதற்கு முன்பே டாக்டரிடம் நடக்க வேண்டும். ஏற்கெனவே கர்ப்பம் என்றால் மாத்திரையை விடாமல் உடனே போய்ப் பார்க்க வேண்டும்.

முக்கியமான அவசர விதிவிலக்கு ஒவ்வாமை. புதிதாக மருந்து தொடங்கிய வாரங்களில் தோலில் தடிப்பு, காய்ச்சல், வாய்ப்புண் சேர்ந்து வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அங்கே அந்த மருந்தை உடனே நிறுத்திவிட்டு வேறொன்றைத் தருவார்கள்.

கூட்டத்தில் ஒருவருக்கு வலிப்பு வந்தால்

கையில் சாவிக்கொத்தோ இரும்போ கொடுப்பதால் வலிப்பு நிற்காது. பெரும்பாலான வலிப்பு ஓரிரு நிமிடத்தில் தானாகவே நிற்கும். சாவிக்குத்தான் பெயர் கிடைக்கிறது. வாயில் எதையும் திணிக்காமல், தண்ணீர் ஊற்றாமல், ஒரு பக்கமாகத் திருப்பிப் படுக்கவைத்து, மணியைப் பார்க்க வேண்டும். 5 நிமிடத்தைத் தாண்டினாலோ, நினைவு திரும்புவதற்குள் அடுத்த வலிப்பு வந்தாலோ 108-ஐ அழைக்க வேண்டும். அவர் சட்டைப்பையில் மாத்திரை அட்டை இருந்தால், அதையும் ஆம்புலன்ஸில் அனுப்பி வைப்பது டாக்டருக்கு உதவும்.