நல்லெண்ணெய் எந்தப் பக்கம்?

ஆடியில் கடையை அடைத்துப்போட்டு வேலை பார்த்துவிட்டு, ஆவணி வளர்பிறையில் நாள் குறித்துத் திறப்பது நம் ஊர் வியாபாரிகளுக்குப் பழக்கமான ஏற்பாடு. டைல்ஸ் ஒட்டியாகிவிட்டது, ரேக் வந்துவிட்டது, படமும் எடுத்தாகிவிட்டது. இன்ஸ்டாகிராமில் படத்துக்குக் கீழே போட நாலு வரி மட்டும் பாக்கி. அந்த நாலு வரி பெரும்பாலும் இப்படித்தான் வரும்: “அன்பார்ந்த வாடிக்கையாளப் பெருமக்களே! தங்களின் நல்லாதரவுடன் எங்கள் நிறுவனம் புதுப்பொலிவுடன், நவீன வசதிகளுடன் மீண்டும் உதயமாகிறது. அனைவரும் வருக!”

என்றைக்கு வருவது, எத்தனை மணிக்கு வருவது என்று இதில் ஒரு வார்த்தை இல்லை. ‘நவீன வசதி’ என்றால் ஏசியா, வண்டி நிறுத்த இடமா என்பதும் தெரியாது. அதோடு இன்ஸ்டாகிராம் முதல் ஓரிரு வரிகளை மட்டும்தான் காட்டும். மீதியைப் படிக்க விரலால் தொட்டுத் திறக்க வேண்டும். அந்த ஓரிரு வரிகளையும் ‘அன்பார்ந்த’ விழுங்கிவிட்டால் செய்தி கண்ணில் படாமலே போய்விடும். மரியாதை வேண்டாம் என்று சொல்லவில்லை. அது கடைசி வரியில் இருந்தாலும் மரியாதைதான்.

ஒரு மளிகைக்கடையை வைத்துப் பார்ப்போம். இதுவரை வாடிக்கையாளர் மேசைக்கு வெளியே நின்று சீட்டை நீட்டுவார், பையன் எடுத்துக் கட்டிக் கொடுப்பான். இப்போது மேசையை எடுத்துவிட்டு, ஆளே உள்ளே நடந்து எடுத்துக்கொள்ளும்படி மாற்றியிருக்கிறார்கள். திறப்பு ஆகஸ்ட் 29, வெள்ளிக்கிழமை.

முதல் குழப்பம் திறக்கும் நேரத்திலேயே வரும். வெள்ளிக்கிழமை ராகு காலம் பத்தரையிலிருந்து பன்னிரண்டு. ஆகவே ஒன்பதேகாலுக்குப் பூஜையைத் தொடங்கி, பத்தரைக்குள் முதல் போணியை முடித்துவிட நினைப்பார் முதலாளி. அறிவிப்பில் ‘காலை 9.15’ என்று போட்டால், சாமான் வாங்க வந்தவர் பையோடு தேங்காய் உடைப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். பூஜைக்கு வேண்டியவர்களைப் போனில் அழைத்துக்கொள்ளலாம். ஊருக்குச் சொல்ல வேண்டியது விற்பனை தொடங்கும் பத்து மணியை. ‘வரும் வெள்ளி’ என்றும் எழுதக்கூடாது. வாட்ஸ்அப்பில் கைமாறிப் போகும் செய்தி அடுத்த வாரமும் யாரோ ஒருவர் கையில் இருக்கும். அவருக்கு வரும் வெள்ளி வேறு வெள்ளி. தேதி, கிழமை இரண்டும் வேண்டும்.

அடுத்தது கடைக்குள் எது எங்கே என்பது. கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் தெருவைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு வலப்பக்கம் இருக்கும் பருப்பு, உள்ளே நுழைகிறவருக்கு இடப்பக்கம். பழக்கத்தில் அவர் ‘வலது பக்கம் பருப்பு’ என்று எழுதிவிடுவார். வந்தவர் சோப்பு ரேக் முன்னால் நின்று முழிப்பார். வாசலுக்கு வெளியே போய், ஒரு தடவை வாடிக்கையாளராக உள்ளே நடந்து வந்துவிட்டு எழுதினால் இந்தத் தவறு வராது. படத்தையும் வாசலிலிருந்தே எடுக்க வேண்டும். அப்போதுதான் எழுத்தும் படமும் ஒரே திசையைப் பார்க்கும். எல்லா ரேக்கையும் அடுக்கிச் சொல்லவும் தேவையில்லை. அதிகம் தேடப்படும் நாலைந்து சாமானும், பில் போடும் இடமும் போதும்.

இந்த மாற்றத்தில் சொல்லாமல் விடக்கூடாத ஒரு வரி உண்டு. மாதச் சீட்டைப் பேரனிடம் கொடுத்தனுப்பும் பாட்டிகள் இருக்கிறார்கள். ‘நீங்களே எடுத்துக்கொள்ளலாம்’ என்று மட்டும் போட்டால், இனி சீட்டு எடுக்கமாட்டார்கள் போலிருக்கிறது என்று அவர்கள் வேறு கடை பார்த்துவிடுவார்கள். சீட்டு இனியும் உண்டு என்று எழுதியாக வேண்டும்.

சலுகைக்கு வருவோம். திறப்பு உற்சாகத்தில் ‘எல்லாப் பொருளுக்கும் 10 சதவீதம்’ என்று வாய் வந்துவிடும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு வீட்டு மாதச் சாமான் 3,000 ரூபாய் என்று வையுங்கள். அதில் 2,000 ரூபாய்க்குக் கம்பெனிச் சரக்கு: எண்ணெய், சோப்பு, டீத்தூள். நூற்றுக்கு 8 ரூபாய் நிற்கிறதென்றால் 160 ரூபாய். மீதி 1,000 ரூபாய், மூட்டையாக வாங்கிக் கடையிலேயே பாக்கெட் போடும் பருப்பும் மசாலா சாமானும். அதில் நூற்றுக்கு 20 நின்றால் 200. ஆக மொத்தம் 360. மொத்த பில்லுக்கும் 10 சதவீதம் தள்ளினால் 300 போய் 60 ரூபாய் மிஞ்சும். கரண்ட் பில்லும் பையன் சம்பளமும் அதிலிருந்துதான் வர வேண்டும். கடை பாக்கெட்டுக்கு மட்டும் தள்ளினால் 100 ரூபாய்தான் போகும், 260 நிற்கும். சலுகை அதே 10 சதவீதம்தான், காட்டுகிற இடம்தான் வேறு.

இதிலும் ஒரு அளவு வைக்க வேண்டும். இல்லாவிட்டால் பக்கத்துத் தெருப் பெட்டிக்கடைக்காரர் முதல் மணி நேரத்திலேயே முப்பது கிலோ துவரம்பருப்பை அள்ளிக்கொண்டு போய்விடுவார். மாலையில் வரும் குடும்பத்துக்கு வெறும் ரேக். இது மனக்கசப்போடு முடிகிற விஷயமும் அல்ல. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-ல் கொண்டுவந்த விளம்பர வழிகாட்டு விதிகள், சலுகை அறிவிப்பவர் எதிர்பார்க்கக்கூடிய அளவுக்குச் சரக்கு வைத்திருக்க வேண்டும், சரக்கு குறைவென்றால் அதைச் சொல்லிவிட வேண்டும் என்கின்றன. நிபந்தனையை விளம்பர வாசகத்தின் மொழியிலேயே, அதே எழுத்துருவில் போட வேண்டும் என்றும் அவற்றில் இருக்கிறது. மேலே தமிழில் கொட்டை எழுத்தில் சலுகையும், கீழே ஆங்கிலத்தில் எறும்பு எழுத்தில் நிபந்தனையுமாக நாம் பார்க்கும் சுவரொட்டிகளை நினைத்தால் சிரிப்புத்தான் வருகிறது. விதிகள் எந்த ஊடகத்துக்கும் பொருந்தும், இன்ஸ்டாகிராம் விலக்கில்லை.

இவ்வளவையும் சேர்த்தால் வாசகம் இப்படி வரும்:

“ஆகஸ்ட் 29, வெள்ளி காலை 10 மணிக்குக் கடை திறக்கிறோம். அதே இடம்தான்.

இனி நீங்களே உள்ளே வந்து பார்த்து எடுக்கலாம். நுழைந்ததும் இடப்பக்கம் அரிசி, பருப்பு, மசாலா. வலப்பக்கம் எண்ணெய், சோப்பு. பில் வாசலை ஒட்டி. சீட்டு கொடுத்தால் முன்போலவே எடுத்துத் தருகிறோம்.

30-ம் தேதி முதல் நேரம்: காலை 6.30 – இரவு 9.30. மதியம் அடைப்பதில்லை. ஞாயிறு மதியம் 2 மணி வரை.

29 வெள்ளி முதல் 31 ஞாயிறு மதியம் 2 மணி வரை: நாங்கள் பாக்கெட் போடும் பருப்பு, மசாலாவுக்கு மட்டும் 10 சதவீதம் தள்ளுபடி. ஒரு பில்லுக்குப் பருப்பு 2 கிலோ, மசாலா அரை கிலோ வரை.

ஒரு மாதம் பொறுத்துக்கொண்டதற்கு நன்றி.”

ஞாயிறு விஷயத்தைக் கவனியுங்கள். ‘31 வரை’ என்று மொட்டையாக விட்டிருந்தால் சாயங்காலம் வருகிறவர் பூட்டிய கடையைத்தான் பார்ப்பார். புது நேரமும் சலுகை நாளும் இப்படி ஒன்றோடொன்று மோதுவது, இரண்டையும் தனித்தனியாக எழுதும்போது கண்ணில் படாது.

இதே நேரத்தைக் கூகுள் மேப்பிலும் மாற்ற வேண்டும். வேலை நடந்த மாதத்தில் ‘தற்காலிகமாக மூடப்பட்டது’ என்று அங்கே குறித்திருந்தால், அதை எடுக்காதவரை தேடுகிறவருக்குக் கடை மூடியேதான் இருக்கும். இன்ஸ்டாகிராம் வாசகத்தைப் பிறகும் திருத்தலாம். சலுகை முடிந்த ஞாயிறு மதியமே அந்தப் பத்தியை எடுத்துவிடலாம். வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தியைத் திருத்தப் பதினைந்து நிமிடம்தான் அவகாசம். பிராட்காஸ்ட்டில் அனுப்பினால், கடை எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் போய்ச் சேரும். சீட்டு கொடுத்தனுப்பும் பாட்டி அதில் இருக்க வாய்ப்பு குறைவு. அவருக்குப் பையனை ஒரு நடை அனுப்பிச் சொல்லிவிட வேண்டியதுதான்.