கேள்வியிலிருந்து தொடங்கும் சூத்திரத் தாள்

தமிழ்நாட்டுப் பிளஸ் டூ கணிதத்தில் இரண்டாம் பாடம் கலப்பு எண்கள், ஆறாம் பாடம் வெக்டர் இயற்கணிதம். இரண்டுக்கும் மாணவர்கள் எழுதி வைக்கும் சூத்திரத் தாள் பெரும்பாலும் பாடப் புத்தகத்தின் வரிசையிலேயே இருக்கும். தேர்வில் கேள்வி அந்த வரிசையில் வருவதில்லை. அதனால் தாளை மூன்று பத்திகளாகப் பிரிப்பது நல்லது: கேள்வி என்ன கேட்கிறது, முதலில் எதைச் சோதிக்க வேண்டும், பிறகு எந்தச் சூத்திரம்.

நடுப் பத்தி ஏன் தேவை என்பதை "இரு கோடுகளுக்கு இடைப்பட்ட மீச்சிறு தூரம் காண்க" என்ற கேள்வியே காட்டிவிடும். கோடுகள் r = a + sb, r = c + td என்றால், முதலில் b, d இணையா என்று பார்க்க வேண்டும்.

இணை என்றால்: |(c − a) × b| / |b|
இணை இல்லை என்றால்: |(c − a) · (b × d)| / |b × d|

ஒரு கணக்கு. a = (1, 0, 2), b = (1, 2, 2), c = (2, 2, 1), d = (2, −2, 1). b-ஐ எந்த எண்ணால் பெருக்கினாலும் d வராது. ஆகவே இணை இல்லை. b × d = (6, 3, −6), அதன் நீளம் 9. c − a = (1, 2, −1). புள்ளிப் பெருக்கல் 6 + 6 + 6 = 18. தூரம் 18/9 = 2.

சோதிக்காமல் முதல் சூத்திரத்தைப் போட்டால் √5 வரும். அதுவும் ஒரு தூரம்தான். ஆனால் c என்ற ஒரு புள்ளியிலிருந்து முதல் கோட்டுக்கு உள்ள தூரம். விடை நம்பும்படி இருப்பதால் தவறு கண்ணில் படாது. மாறாக, இணைகோடுகளுக்கு இரண்டாவதைப் போட்டால் 0/0 என்று நின்று, தவறைத் தானே காட்டிக்கொடுக்கும். இணை இல்லாத கோடுகளுக்குத் தூரம் 0 என்று வந்தால், அவை வெட்டிக்கொள்கின்றன என்று பொருள்.

கலப்பு எண்களில் இதே இடத்தைப் பிடிப்பது "துருவ வடிவில் எழுதுக" என்ற கேள்வி. z = −√3 − i என்றால் மட்டு மதிப்பு 2. tan α = |y/x| என்பதிலிருந்து α = π/6. இங்கேயே நிறுத்தினால் கிடைப்பது √3 + i என்ற வேறு எண்ணின் வீச்சு. சோதிக்க வேண்டியது, புள்ளி எந்தக் கால்பகுதியில் இருக்கிறது என்பது. முதல் கால்பகுதிக்கு α, இரண்டாவதற்கு π − α, மூன்றாவதற்கு α − π, நான்காவதற்கு −α. நம் எண் மூன்றாவதில் இருப்பதால் முதன்மை வீச்சு −5π/6. டி மாய்வர் தேற்றப்படி z³ = −8i. கால்பகுதியைப் பார்க்காதவருக்கு 8i வரும். எல்லாப் படிகளும் சரியாக இருந்தும் குறி மாறிப்போகும்.

உங்கள் தாளிலும் ஒவ்வொரு சூத்திரத்துக்கு முன்னும் அதன் நிபந்தனையை எழுதுங்கள். நிபந்தனை தெரியாத சூத்திரம் இருந்தால், பாடத்தில் அது நிறுவப்பட்ட பக்கத்துக்குப் போய்ப் படித்துவிட்டு வந்து எழுதுங்கள்.