தமனி அட்டை எனக்குக் கற்றுத் தந்த பாடம்

பத்தாம் வகுப்பு அறிவியலில் தாவரங்களின் கடத்துதலும் விலங்குகளின் சுற்றோட்டமும் ஒரே பாடமாக வருகின்றன. கலைச்சொற்கள் நிறைந்த பாடம். மெதுவாகக் கற்கும் மாணவர்கள் இதைக் கண்டாலே தயங்குவார்கள். அவர்களுக்காகச் சில ஆண்டுகளுக்கு முன் இப்பாடத்தை மின்னட்டைகளாக மாற்றினேன். முன்பக்கம் ஒரு சொல், பின்பக்கம் ஒரு வரிப் பொருள். பிள்ளைகள் ஆர்வமாகப் படித்தார்கள். "தமனி" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் "ஆக்ஸிஜன் மிகுந்த இரத்தத்தை எடுத்துச் செல்லும் குழாய்" என்று வகுப்பே சொல்லும். எனக்கும் நிறைவாக இருந்தது.

திருப்புதல் தேர்வில் நுரையீரல் தமனி எந்த வகை இரத்தத்தை எடுத்துச் செல்கிறது என்று ஒரு மதிப்பெண் வினா கேட்டிருந்தேன். பாதிக்கும் மேற்பட்டோர் ஆக்ஸிஜன் மிகுந்த இரத்தம் என்றே எழுதியிருந்தார்கள். விடைத்தாள்களைத் திருத்தும்போது முதலில் பிள்ளைகள் மீதுதான் கோபம் வந்தது. பிறகு அட்டையை எடுத்துப் பார்த்தேன். அவர்கள் அட்டையில் இருந்ததைச் சரியாகத்தான் படித்திருந்தார்கள். தவறு என் கையெழுத்தில் இருந்தது.

நன்றாக மனப்பாடமான தவறான வரியை மாற்றுவது, புதிதாக ஒன்றைக் கற்பிப்பதைவிடக் கடினம். அந்த வரியைத் திருத்த எனக்கு இரண்டு வாரங்கள் ஆயின. அதற்குப் பின் ஒரு வரிப் பொருளை எழுதும் முறையையே மாற்றிக்கொண்டேன். அதைத்தான் இங்கே பகிர்கிறேன்.

எந்தச் சொற்களுக்கு அட்டை?

பாடத்தை ஒருமுறை பென்சிலுடன் படித்து, கலைச்சொல் வரும் இடமெல்லாம் கோடிட்டால் ஐம்பது, அறுபது சொற்கள் கூடத் தேறும். அத்தனைக்கும் அட்டை எழுதினால் பாடப்புத்தகத்தைவிட அட்டைக்கட்டு பெரிதாகிவிடும். ஒவ்வொரு சொல்லிடமும் நான் ஒரே கேள்விதான் கேட்கிறேன்: இந்தச் சொல் புரியாவிட்டால் அடுத்த பத்தி புரியுமா? புரியாது என்றால் அட்டை உண்டு. புரியும் என்றால் அச்சொல்லை வகுப்பில் விளக்கினால் போதும். இப்படிச் சலித்தால் இப்பாடத்திற்கு 20 முதல் 25 அட்டைகள் வருகின்றன. ஒரு பிள்ளை இரண்டு வாரத்தில் தன்வசப்படுத்தக்கூடிய அளவு இதுதான் என்பது என் வகுப்பறை அனுபவம்.

பழைய கல்யாணப் பத்திரிகைகளின் எழுதாத பக்கங்களை வெட்டி ஒட்டினால் நல்ல அட்டை கிடைக்கும். மெல்லிய தாளில் எழுத வேண்டாம். பின்பக்க மை முன்பக்கம் தெரியும். பிள்ளைகள் வெளிச்சத்தில் பிடித்து விடையைப் படித்துவிடுவார்கள்.

ஒரு வரிப் பொருளை எழுதுவது

பொருள் வரியில் இரண்டு பகுதிகள் இருக்க வேண்டும். அது எந்த இனத்தைச் சேர்ந்தது என்பது முதல் பகுதி. அந்த இனத்திலுள்ள மற்றவற்றிலிருந்து எதனால் வேறுபடுகிறது என்பது இரண்டாம் பகுதி. தமனி ஓர் இரத்தக்குழாய், சிரையும் இரத்தக்குழாய்தான். இரண்டையும் பிரிப்பது இரத்தத்தின் தன்மை அன்று. இரத்தம் செல்லும் திசை. எனவே இப்போது என் அட்டைகள் இப்படி இருக்கின்றன:

தமனி: இதயத்திலிருந்து இரத்தத்தை வெளியே எடுத்துச் செல்லும் குழாய்.
சிரை: இதயத்திற்கு இரத்தத்தைத் திரும்பக் கொண்டுவரும் குழாய்.
தந்துகி: தமனியின் நுண்கிளைகளையும் சிரையின் நுண்கிளைகளையும் இணைக்கும் மிக மெல்லிய குழாய்.

உடல் உறுப்புகளுக்குச் செல்லும் தமனிகளில் ஆக்ஸிஜன் மிகுந்த இரத்தம் ஓடுவதால்தான் என் பழைய வரி சரிபோலத் தோன்றியது. அது பொதுவாகக் காணப்படும் தன்மையே தவிர இலக்கணம் அன்று. நுரையீரல் தமனி ஆக்ஸிஜன் குறைந்த இரத்தத்தை இதயத்திலிருந்து நுரையீரலுக்குக் கொண்டுசெல்கிறது. நுரையீரல் சிரை ஆக்ஸிஜன் மிகுந்த இரத்தத்தை இதயத்திற்குக் கொண்டுவருகிறது. இந்த இரண்டுக்கும் இப்போது தனித்தனி அட்டை வைத்திருக்கிறேன். விதிவிலக்கைத் தமனி அட்டையின் அடியில் சிறிய எழுத்தில் எழுதினால் பிள்ளைகள் அதைப் படிப்பதில்லை. ஓர் அட்டையில் ஒரு செய்திதான் நிற்கும்.

எழுதிய வரி சரியா என்று அறிய ஒரு சோதனை செய்கிறேன். சொல்லை விரலால் மறைத்துவிட்டுப் பொருளை மட்டும் சக ஆசிரியரிடமோ ஒரு மாணவரிடமோ படித்துக் காட்டுவேன். அவர் வேறு ஒரு சொல்லையும் பொருத்திச் சொல்ல முடிந்தால் வரி முடியவில்லை என்று பொருள். "மூலக்கூறுகள் ஓரிடத்திலிருந்து மற்றோர் இடத்திற்குச் செல்லுதல்" என்று எழுதினால் அது பரவலுக்கும் பொருந்தும், செயல்மிகு கடத்துதலுக்கும் பொருந்தும். எனவே இப்படி எழுதுகிறேன்:

பரவல்: மூலக்கூறுகள் செறிவு மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்திற்கு ஆற்றல் செலவின்றிச் செல்லுதல்.
செயல்மிகு கடத்துதல்: செறிவு குறைந்த இடத்திலிருந்து மிகுந்த இடத்திற்கு ஆற்றலைச் செலவிட்டுக் கடத்துதல்.

இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்கும்போது வேறுபாடு தானாகவே தெரிகிறது. எந்தச் சொற்களைப் பிள்ளைகள் மாற்றி எழுதுகிறார்களோ அவற்றை இணை அட்டைகளாகவே தயாரிப்பது நல்லது. வலது, இடது ஆரிக்கிள்களும், சிஸ்டோல், டயஸ்டோல் ஆகியவையும் அப்படிப்பட்டவை.

இன்னொரு தவறும் அடிக்கடி நேர்கிறது. வேர் அழுத்தம் என்ற சொல்லுக்கு "வேரில் ஏற்படும் அழுத்தம்" என்று எழுதிவிடுகிறோம். சொல்லையே பிரித்து எழுதினால் பொருள் ஆகாது. எது எதை எங்கே தள்ளுகிறது என்பது அந்த வரியில் வர வேண்டும்.

தொடக்க வகுப்புகளிலும் இதே விதிதான். அங்கே ஆறு, ஏழு அட்டைகள் போதும். ஆவியாதல் என்றால் நீர்மம் வாயுவாதல். ஆவி சுருங்குதல் என்றால் வாயு நீர்மமாதல். எழுதுவதற்கு முன் சோறு வடிக்கும் பாத்திரத்தின் மூடியில் நிற்கும் நீர்த்துளியைக் காட்டிவிட்டால், குழந்தை இந்த இணையை மாற்றிச் சொல்லாது.

அட்டையைப் பயன்படுத்தும் முறை

அட்டையைக் கையில் கொடுத்துவிட்டு "படி" என்று சொன்னால், பிள்ளை முன்பக்கத்தைப் பார்த்து உடனே திருப்பி, பின்பக்கத்தைப் படித்து, "தெரியும் டீச்சர்" என்று சொல்லிவிடும். பார்த்தால் அடையாளம் தெரிவது வேறு, பார்க்காமல் சொல்வது வேறு. தேர்வறையில் இரண்டாவதுதான் உதவும். அதனால் என் வகுப்பில் ஒரு விதி உண்டு: முதலில் வாய் திறக்க வேண்டும், பிறகுதான் அட்டை திரும்ப வேண்டும். இருவர் இருவராக அமர்ந்து ஒருவர் அட்டையைப் பிடிக்க, மற்றவர் சொல்ல வேண்டும். ஒரு நாள் சொல்லைக் காட்டிப் பொருள் கேட்கலாம். மறுநாள் பொருளைக் காட்டிச் சொல் கேட்கலாம். கட்டைத் தினமும் கலைத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் எந்த அட்டைக்குப் பின் எந்த அட்டை வரும் என்பதையே மனப்பாடம் செய்துவிடுவார்கள்.

சரியாகச் சொன்ன அட்டையையும் சொல்லாத அட்டையையும் ஒரே அளவு படிப்பது நேர விரயம். செபாஸ்டியன் லைட்னர் என்பவர் ஜெர்மன் மொழியில் எழுதி 1972-இல் வெளியான நூலில் இதற்குப் பெட்டி முறையைச் சொல்லியிருக்கிறார். நான் மூன்று பழைய உறைகளைக் கொண்டு அதை எளிமையாக்கிக்கொண்டேன். எல்லா அட்டைகளும் முதல் உறையில் தொடங்கும். அதைத் தினமும் பார்க்க வேண்டும். சரியாகச் சொன்னால் அட்டை இரண்டாம் உறைக்குப் போகும். அது மூன்று நாளுக்கு ஒருமுறை. மீண்டும் சரியென்றால் மூன்றாம் உறை. அது வாரம் ஒருமுறை. எந்த உறையில் இருந்தாலும் தவறாகச் சொன்ன அட்டை முதல் உறைக்கே திரும்பிவிடும். இரண்டாம் வாரத்தின் முடிவில் எல்லா மாணவர்களின் முதல் உறைகளையும் பார்க்கிறேன். ஒரே அட்டை பலருடைய உறையில் கிடந்தால் குறை பிள்ளைகளிடம் இல்லை. அந்த வரியை நான் மீண்டும் எழுத வேண்டும் என்று பொருள்.

அட்டை சொல்லாதது

அட்டை உதிரிச் சொற்களைத் தரும். அவற்றுக்கிடையே உள்ள தொடர்பைத் தராது. எல்லா அட்டைகளையும் பிழையின்றிச் சொன்ன ஒரு மாணவி, இதயத்தின் வழியே இரத்தம் செல்லும் பாதையை எழுதச் சொன்னபோது இரண்டு வரியோடு நின்றுவிட்டாள். அன்று முதல் அட்டைகளைத் தரையில் வரிசையாக அடுக்கும் பயிற்சியையும் சேர்த்துக்கொண்டேன். பெருஞ்சிரைகள், வலது ஆரிக்கிள், மூவிதழ் வால்வு, வலது வெண்ட்ரிக்கிள், நுரையீரல் தமனி, நுரையீரல், நுரையீரல் சிரை, இடது ஆரிக்கிள், ஈரிதழ் வால்வு, இடது வெண்ட்ரிக்கிள், பெருந்தமனி. அடுக்கியபின் ஒருவர் வரிசையின் ஓரமாக நடந்துகொண்டே, இரத்தம் ஒவ்வோர் இடத்திலும் என்ன ஆகிறது என்று சொல்ல வேண்டும். நுரையீரல் அட்டையைத் தாண்டும்போது நீலச் சுண்ணக்கட்டியை வைத்துவிட்டுச் சிவப்பைக் கையில் எடுக்க வேண்டும்.

அந்த நேரத்தில் இடையிடையே 'ஏன்' என்று கேட்கிறேன். இடது வெண்ட்ரிக்கிளின் சுவர் ஏன் தடிமனாக இருக்கிறது? அது உடல் முழுவதற்கும் இரத்தத்தை உந்த வேண்டும். வலது வெண்ட்ரிக்கிளோ அருகிலுள்ள நுரையீரலுக்கு மட்டும்தான். இந்த விடையை நான் அட்டையில் எழுதுவதில்லை. எழுதினால் அதுவும் இன்னொரு மனப்பாட வரியாகிவிடும். சொற்கள் நாவில் தயாராக இருக்கும் பிள்ளை, இந்தக் காரணத்தை யோசித்துத் தானே சொல்லிவிடுகிறது.

பழைய தமனி அட்டையை நான் கிழித்துப் போடவில்லை. ஒவ்வோர் ஆண்டும் இப்பாடத்தின் இறுதியில் அதை எடுத்து, "இதில் என்ன தவறு?" என்று வகுப்பில் கேட்கிறேன். போன ஆண்டு கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்து, "டீச்சர், அப்படின்னா நுரையீரல் தமனியை என்ன பண்றது?" என்றான்.