வேலையை மறுக்கும்போது என்ன எழுதுவது?

வவுனியாவிலுள்ள ஒரு தொண்டு நிறுவனம் எனக்குத் தொடர்பாடல் உத்தியோகத்தர் பதவி தர முன்வந்தது. யாழ்ப்பாணத்தில் நோயாளியான அம்மாவை விட்டு வாரம் முழுதும் அங்கே தங்க என்னால் முடியாது. மறுத்தேன்.

கடிதம் கிடைத்த மறுநாள் காலையே, நேர்முகத் தேர்வு நடத்தியவருக்குத் தொலைபேசியில் சொன்னேன். தெரிவில் இரண்டாவதாக வந்தவர் வேறு வேலைக்குப் போவதற்குள் அவரை அவர்கள் அழைக்க வேண்டும். கொடையாளர் நிதியில் நடக்கும் செயற்றிட்டத்துக்கு முடிவுத் திகதி உண்டு. நாங்கள் இழுத்தடிக்கும் நாட்கள் அதில்தான் கழியும். பதில் சொல்லாமல் கைபேசியை அணைத்து வைப்பவரை அவர்கள் இலகுவில் மறப்பதில்லை.

அன்றே மின்னஞ்சலும் அனுப்பினேன்:

"இந்தப் பதவிக்கு என்னைத் தெரிவு செய்தமைக்கு நன்றி. அம்மாவின் சிகிச்சை காரணமாக வவுனியாவில் தங்கிப் பணியாற்ற இயலாதுள்ளதால் இதை ஏற்க முடியவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து செய்யக்கூடிய அறிக்கை எழுதும் பணி, பயிற்சிப் பட்டறை போன்றவை வந்தால் அறியத் தாருங்கள்."

காரணம் ஒன்று போதும், ஆனால் அது உண்மையாக இருக்க வேண்டும். சம்பளம் போதாதென்றால் அதையே சொல்லலாம். அம்மாவைச் சாட்டிவிட்டு அடுத்த மாதம் கொழும்பில் வேலைக்குச் சேர்ந்தால் கதை வந்து சேர்ந்துவிடும். வடக்கில் இந்த வட்டம் சின்னது.

கடைசி வரிதான் கதவைத் திறந்து வைப்பது. "எதிர்காலத்தில் பார்ப்போம்" என்பதை எவரும் மரியாதைக்கு எழுதுவார்கள். எந்த வேலை, எந்த ஊரில் என்று சொன்னால்தான் அப்படியொன்று வரும்போது உங்கள் பெயர் நினைவுக்கு வரும்.

ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தால் இந்தக் கடிதம் போதாது. அதிலுள்ள முன்னறிவித்தல் காலத்தை முதலில் பாருங்கள்.