படத்தில் இருப்பது பிரமியா?

"எங்கள் தோட்டத்துப் பிரமி" என்று கைப்பேசிக்கு ஒரு படம் வருகிறது. மேலிருந்து எடுத்தது; தரையோடு படர்ந்த பச்சை, தடித்த சிறு இலைகள். பார்த்ததும் பறித்து அரைக்கத் தோன்றும். அதற்கு முன் படத்தைப் பெரிதாக்கி ஒரு கணுவைத் தேடுங்கள்.

முதல் குழப்பம் பெயரில்

வடநாட்டில் பல இடங்களில் வல்லாரையையே 'பிராமி' என்பார்கள். நாம் பேசுவது நீர்ப்பிரமியை. இவ்விரண்டையும் பிரிப்பது எளிது. வல்லாரை இலை வட்டமாக, விளிம்பு அலையலையாக, நீண்ட காம்பின் மேல் நிற்கும். நீர்ப்பிரமி இலைக்குக் காம்பே இல்லை.

கணுவில் இருக்கிறது அடையாளம்

நீர்ப்பிரமியின் ஒவ்வொரு கணுவிலும் இரண்டு இலைகள் நேரெதிராகத் தண்டோடு ஒட்டியிருக்கும். இலை ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டர்தான். நுனி அகன்று வட்டமாகவும் அடி குறுகியும் சின்னக் கரண்டி போல இருக்கும். பெரும்பாலும் விளிம்பில் பல் இராது. தண்டு சதைப்பற்றுள்ளது, தரையைத் தொடும் கணுக்களில் வேர் விட்டு, நுனி மட்டும் நிமிர்ந்து நிற்கும். பூ வெள்ளை அல்லது வெளிர் ஊதா, ஐந்து இதழ், தனித்தனிக் காம்பில் ஒவ்வொன்றாக.

ஏமாற்றும் செடிகள்

பருப்புக்கீரையின் இலையும் கரண்டி வடிவந்தான். ஆனால் தண்டு பெரும்பாலும் சிவந்திருக்கும், இலைகள் கிளை நுனியில் கொத்தாகக் கூடும், பூ மஞ்சள். சிறுபசலைதான் அதிகம் ஏமாற்றும். அதன் இலைகளும் எதிரெதிர், கணுவில் வேரும் விடும். பெரிதாக்கினால் கணுவைச் சுற்றி வெள்ளை மயிர் தெரியும். பிரமியில் அது இல்லை.

பொடுதலையும் கணுவில் வேர்விட்டுப் படரும். இலையின் மேல்பாதியில் பற்களும் நீண்ட காம்பில் உருண்டைப் பூங்கொத்தும் அதைக் காட்டிக்கொடுக்கும். சித்திரப்பாலாடையைக் கிள்ளினால் பால் வரும். பிரமியில் பால் வராது. இதைப் படம் சொல்லாது, கையில்தான் தெரியும்.

அந்தப் படத்துக்கு வருவோம்

மேலிருந்து எடுத்ததால் கணு மறைந்துவிட்டது. அளவு தெரிய அருகில் எதுவும் இல்லை. அனுப்பியவரிடம் மூன்று படம் கேளுங்கள்: பக்கவாட்டில் ஒரு கணு, பூ, ஒரு ரூபாய் நாணயத்தோடு ஒரு கிளை. வந்த படங்களில் சிவந்த தண்டும் மஞ்சள் பூவும் இருந்தால் அது பிரமி அல்ல. எங்கே வளர்கிறது என்றும் கேளுங்கள். பிரமிக்கு ஈரச் சேறு வேண்டும். வறண்ட சரளையில் செழித்திருந்தால் சந்தேகப்படுங்கள்.

அடையாளம் சரியானாலும்

வளரும் நீரிலுள்ள உலோகங்களைப் பிரமி உறிஞ்சி வைத்துக்கொள்ளும். சாக்கடை ஓரத்தில் பறித்தது உண்மையான பிரமியே ஆனாலும் உண்ணாதீர்கள். நல்லதைத் தின்றாலும் சிலருக்குக் குமட்டலும் வயிற்றுப்போக்கும் வரும். கர்ப்பிணிகளும் தொடர்ந்து மருந்து சாப்பிடுபவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம். படத்தை மட்டும் நம்பி யாரும் அரைத்துக் குடிக்கவும் வேண்டாம். செடியை நேரில் அறிந்தவர் ஒருவர் கையில் கொடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.