பதினைந்தாம் தேதி காலை யார்?

மருத்துவமனையில் வார்டு இன்சார்ஜாக இருந்த வருடங்களில் என் மேஜைக்கு அதிகம் வந்தவை இந்த வகைக் கடிதங்கள்தான்: "தேர்வு இருக்கிறது, நைட் டியூட்டியை மாற்றித் தாருங்கள்." பாதிக்கு மேல் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். கல்நெஞ்சக்காரி என்று என் காதுபடவே சொல்லியிருக்கிறார்கள். ஆனால் கடிதத்தைப் படிக்கும்போது என் கண் தேர்வில் இருக்காது, சுவரில் ஒட்டிய டியூட்டி லிஸ்ட்டில்தான் இருக்கும்.

ஒரு பெண்ணின் கடிதத்தைச் சொல்கிறேன். எய்ம்ஸ் நடத்தும் நார்செட் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். முதல்நிலைத் தேர்வில் 90 நிமிடத்தில் 100 கேள்விகள், தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் போய்விடும். தூக்கக் கலக்கத்தில் குத்துமதிப்பாகக் குறித்தால் கையில் இருப்பதும் கரையும். தேர்வு 14-ஆம் தேதி ஞாயிறு காலை. லிஸ்ட்டில் அவளுக்கு 8 முதல் 13 வரை ஆறு நைட், இரவு 8 மணியிலிருந்து காலை 8 வரை. கடைசி நைட் முடிவதே தேர்வன்று காலைதான்.

சனிக்கிழமை ஒரு இரவு மட்டும் விட்டால் போதுமே என்று தோன்றும். போதாது. தொடர்ந்து நைட் பார்த்தவர்களின் பகல் தூக்கம் குறைவு, அதுவும் துண்டு துண்டாக. உடம்பு பகலுக்குத் திரும்பச் சில நாட்கள் பிடிக்கும். அவள் ஆறு நைட்டையும் மாற்றக் கேட்டது நியாயம்தான். முதலில் எழுதிய கடிதம் இதுதான்:

"மதிப்பிற்குரிய மேடம், எனக்கு 14-ஆம் தேதி தேர்வு உள்ளது. 8 முதல் 13 வரை என் நைட் டியூட்டியை உடன் பணிபுரியும் சிஸ்டர் பார்க்கச் சம்மதித்துள்ளார். அவருடைய 22 முதல் 27 வரையிலான நைட்டை நான் பார்க்கிறேன்."

ஆறுக்கு ஆறு, கணக்கு சரியாகத் தெரிகிறது. "பதினைந்தாம் தேதி காலை யாரும்மா?" என்று கேட்டேன். விழித்தாள்.

எங்கள் வார்டில் ஆறு நைட் முடித்தால் இரண்டு நாள் நைட் ஆஃப். லிஸ்ட்டில் அந்த 14, 15 இவள் பெயரில் இருந்தது. நைட் பார்க்கப்போகிறவளுக்கோ 14 வார ஆஃப், 15 காலை டியூட்டி. ஆறு நைட் கழித்து அவள் 15 காலை வந்தால் ஒரு நாள் ஓய்வு போச்சு. வராவிட்டால் ஆள் இல்லை, இவளும் ஆஃபில். ஆக, நைட்டை மட்டும் மாற்றினால் எங்கோ ஒரு ஓட்டை விழும். 8 முதல் 15 வரை வரிசையையே மொத்தமாக மாற்ற வேண்டும், 22 முதல் 29 வரையும் அப்படியே.

அடுத்து, மாற்றத்துக்கு முந்தைய நாள். வருகிறவள் அன்று மதியம் 2 மணி டியூட்டியை இரவு 8-க்கு முடித்து அப்படியே நைட்டில் நின்றால் 18 மணி நேரம். அந்த இரவில் மருந்து மாறிப்போனால் யாரைக் கேட்பது? இங்கே 7-ஆம் தேதி இரவு 8-க்கு முடித்து மறுநாள் இரவு 8-க்குத்தான் வருகிறாள், சிக்கல் இல்லை.

மூன்றாவதுதான் பலருக்குப் புரியாதது. எங்கள் வார்டில் இரவில் இரண்டே நர்ஸ். இன்சுலினோ பொட்டாசியம் குளோரைடோ போடும்போது ஒருவர் எடுப்பதை இன்னொருவர் சரிபார்க்க வேண்டும். போன மாதம் சேர்ந்த இருவரை ஒன்றாக நிறுத்த முடியாது. ஒருவருக்குப் பதில் ஒருவர் என்றால் அனுபவமும் பொருந்த வேண்டும். இந்த இருவரும் ஏறக்குறைய ஒரே காலத்தில் சேர்ந்தவர்கள்.

வாய்வார்த்தையில் மாற்றிக்கொள்வதும் உண்டு, "நீ பாரு, நான் பாத்துக்குறேன்" என்று. ஏதாவது நடந்தால் லிஸ்ட்டில் பெயர் இருப்பவள்தான் பதில் சொல்ல வேண்டும்.

மறுநாள் இரண்டாவது கடிதம் வந்தது:

"பொருள்: பணிமுறை மாற்றம் கோருதல். மேடம், 14-ஆம் தேதி நார்செட் தேர்வு. ஹால் டிக்கெட் நகல் இணைத்துள்ளேன். 8 முதல் 15 வரையிலும், 22 முதல் 29 வரையிலும் எங்கள் இருவருடைய டியூட்டியை ஆஃப் உட்பட முழுமையாக மாற்றித் தர வேண்டுகிறோம். 15 காலை நான் வருவேன். 29 காலை அவர் வருவார். இருவரும் கையொப்பமிட்டுள்ளோம்."

சிவப்புப் பேனாவால் லிஸ்ட்டைத் திருத்தி, பக்கத்தில் என் சுருக்கக் கையெழுத்தைப் போட்டேன். நர்சிங் சூப்பிரண்டெண்ட் அலுவலகத்தில் இருந்த நகலையும் திருத்தச் சொல்லி அனுப்பினேன். அதை மறந்தால் ஓர் இரவு இரண்டு பேரும் வந்து நிற்பார்கள், இன்னோர் இரவு யாருமே வர மாட்டார்கள். 13-ஆம் தேதி மதியம் 2 மணிக்கு ஹேண்டோவர் கொடுத்துவிட்டு, கைப்பையோடு அவள் படியிறங்கினாள். 15 காலை வருகைப் பதிவேட்டில் முதல் கையெழுத்து அவளுடையது.